நேர்கோட்டுத் தூரமும் சாலைத் தூரமும்: பயணத்துக்கும் டெலிவரிக்கும் கணக்குப் போடும் முறை

கடையை நடுவில் வைத்து மேப்பில் மூன்று கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டு, "இதற்குள் டெலிவரி இலவசம்" என்று அறிவித்துவிடுகிறார்கள். ஒரு மாதம் கழித்து, வட்டத்துக்குள் இருக்கும் ஒரு பகுதிக்கு மட்டும் ஏன் எப்போதும் தாமதமாகிறது, பெட்ரோல் ஏன் இப்படிப் போகிறது என்று கேட்கிறார்கள். சுற்றுலாவுக்குக் கிளம்புகிறவர்களும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஹோட்டல் தளம் "50 கி.மீ." என்று காட்டியதை நம்பி ஒரே நாளில் இரண்டு மலையூர்களைத் திட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள்.

இரண்டிலும் கோளாறு ஒன்றுதான். வட்டமும் "அருகில் உள்ளவை" பட்டியலும் பெரும்பாலும் நேர்கோட்டில் அளந்தவை. வண்டி ஓடுவது சாலையில். இந்த இரண்டு எண்களையும் எடுத்து ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், இடையில் என்ன தடை இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அதை எந்த வரிசையில் செய்வது, எங்கே தப்பு வரும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

## 1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

கூகுள் மேப்ஸ் போன்ற ஒரு மேப், ஒரு ஸ்ப்ரெட்ஷீட், உண்மையான முகவரிகளின் பட்டியல். இவ்வளவு போதும். டெலிவரிக்கு என்றால் இதுவரை ஆர்டர் கொடுத்தவர்களின் முகவரிகளில் பத்துப் பன்னிரண்டு எடுங்கள். ஆனால் எல்லாமே கடைக்குப் பக்கத்துத் தெருக்களாக இருந்தால் பயனில்லை. எல்லாத் திசைகளிலும், முக்கியமாக நீங்கள் போக நினைக்கும் எல்லையின் ஓரத்தில் இருப்பவையாகத் தேர்ந்தெடுங்கள். சிக்கல் வருவது ஓரத்தில்தான்.

ஏரியாவின் பெயரை மட்டும் வைத்து அளக்காதீர்கள். "அடையாறு" என்று தேடினால் மேப் அந்தப் பகுதியில் ஏதோ ஒரு புள்ளியைக் கொடுக்கும். பின்கோடு போட்டால் அந்தப் பின்கோட்டுப் பரப்பின் நடுவில் ஒரு புள்ளி கிடைக்கும். அந்தப் புள்ளியில் வீடே இல்லாமலும் இருக்கலாம்.

## 2. பின்னைச் சரியான இடத்தில் வையுங்கள்

எல்லாரும் அவசரமாகக் கடந்துபோகும் படி இது. மேப்பில் இடத்தைக் குறிக்கும் பின் ஐம்பது மீட்டர் தள்ளிப் போனால் நேர்கோட்டுத் தூரத்தில் பெரிய மாற்றம் இருக்காது. சாலைத் தூரத்தில் மட்டும் அது கிலோமீட்டர் கணக்கில் மாறக்கூடும். மேப், பின்னுக்கு மிக அருகில் உள்ள சாலையோடுதான் அதை ஒட்டவைக்கிறது. வீட்டு வாசல் ஒரு தெருவில் இருக்க, வீட்டின் பின்சுவர் ரயில் பாதையைத் தொட்டபடி இருந்தால், நீங்கள் வைத்த பின், ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துத் தெருவோடு ஒட்டிக்கொள்ளலாம். அப்போது மேப் லெவல் கிராசிங்கைச் சுற்றி வரச் சொல்லும். மேம்பாலத்துக்குக் கீழே இருக்கும் கடைகளுக்கும் இதே தொல்லைதான். பின் மேம்பாலத்தின் மேல் விழுந்துவிடும்.

ஆகவே சாட்டிலைட் காட்சிக்கு மாறி, வாசல் எந்தத் தெருவைப் பார்க்கிறது என்று பார்த்து, வாசலுக்கு எதிரே பின்னை வையுங்கள். அடுக்ககம் என்றால் வண்டிகளை உள்ளே விடும் கேட் எதுவோ அங்கே. பெரிய வளாகங்களில் கேட் மாறினாலே ஒரு கிலோமீட்டர் கூடிவிடும்.

## 3. நேர்கோட்டுத் தூரத்தை அளப்பது

ஓரிரு இடங்களுக்கு என்றால் மேப்பே போதும். கணினியில் தொடக்கப் புள்ளியில் ரைட் கிளிக் செய்து `Measure distance` என்பதைத் தேர்ந்தெடுத்து, முடிவுப் புள்ளியில் கிளிக் செய்தால் எண் வந்துவிடும். போனில் புள்ளியை அழுத்திப் பிடித்துப் பின் விழுந்ததும், அதன் விவரப் பக்கத்தில் இதே வசதி இருக்கும்.

பட்டியல் நீளமானால் ஸ்ப்ரெட்ஷீட்டுக்குப் போவது நல்லது. மேப்பில் ரைட் கிளிக் செய்ததும் மேலே இரண்டு எண்கள் தெரியும். முதலாவது அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. தொடக்கப் புள்ளியின் எண்களை A2, B2 கட்டங்களிலும், முடிவுப் புள்ளியின் எண்களை C2, D2 கட்டங்களிலும் போட்டு, E2 கட்டத்தில் இந்தச் சூத்திரத்தை ஒட்டுங்கள்:

```
=2*6371*ASIN(SQRT(SIN(RADIANS(C2-A2)/2)^2+COS(RADIANS(A2))*COS(RADIANS(C2))*SIN(RADIANS(D2-B2)/2)^2))
```

6371 என்பது பூமியின் சராசரி ஆரம், கிலோமீட்டரில். பூமி உருண்டை என்பதால் சாதாரண முக்கோணக் கணக்குக்குப் பதில் இந்தச் சூத்திரம். விடையும் கிலோமீட்டரிலேயே வரும்.

சூத்திரம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கப் பழனியையும் கொடைக்கானலையும் போட்டுப் பாருங்கள். பழனி 10.4500, 77.5161. கொடைக்கானல் 10.2381, 77.4892. விடை 23.7 கி.மீ. அளவில் வர வேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் மூன்றில் ஒரு தப்பு நடந்திருக்கும்.

முதல் தப்பு, இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் போடுவது. சில மென்பொருள்கள் தீர்க்கரேகையை முதலில் கொடுக்கும். அங்கிருந்து அப்படியே ஒட்டினால் இதே பழனி–கொடைக்கானல் தூரம் 5.9 கி.மீ. என்று வரும். எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதுதான் ஆபத்து. தமிழ்நாட்டுக்குள் எந்த ஊராக இருந்தாலும் அட்சரேகை 8-க்கும் 14-க்கும் நடுவில், தீர்க்கரேகை 76-க்கும் 81-க்கும் நடுவில் இருக்கும். A அல்லது C பத்தியில் எழுபதுக்கு மேல் எண் தெரிந்தால் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது, பாகை–நிமிடத்தைப் புள்ளியெண்ணாக நினைப்பது. கொடைக்கானலின் அட்சரேகை 10 பாகை 14 நிமிடம் 17 விநாடி. அதை 10.14 என்று எழுதினால் ஊர் பத்து கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போய்விடும். நிமிடத்தை 60-ஆலும் விநாடியை 3600-ஆலும் வகுத்துக் கூட்டினால்தான் 10.238 கிடைக்கும்.

மூன்றாவது, தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு நிறுத்திவிடுவது. ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர். இரண்டாம் இலக்கம் ஒரு கிலோமீட்டருக்கு மேல், நான்காம் இலக்கம் சுமார் 11 மீட்டர். ஊர்களுக்கு இடையே எப்படியோ ஒப்பேற்றலாம். ஊருக்குள் டெலிவரிக்கு நான்கு இலக்கமாவது வேண்டும்.

## 4. சாலைத் தூரத்தை எடுப்பது

இதே இரண்டு பின்களுக்கும் வழி கேட்டு, வரும் கிலோமீட்டரை F பத்தியில் எழுதுங்கள். எழுதும் முன் வண்டி எது என்பதைச் சரிபாருங்கள். கார், இருசக்கர வாகனம், நடை மூன்றுக்கும் மூன்று விடை வரலாம். ரயில் பாதைக்கு மேல் நடைமேம்பாலம் இருந்தால் நடந்து போவது அரைக் கிலோமீட்டராகவும் பைக்கில் போவது மூன்று கிலோமீட்டராகவும் இருக்கும். நடை அமைப்பிலேயே அளந்துவிட்டு, "மேப் தப்பாகக் காட்டுகிறது" என்று சொல்பவர்கள் உண்டு.

திரும்பி வரும் தூரத்தைத் தனியாக எடுத்து G பத்தியில் எழுதுங்கள். போகும் தூரத்தை இரண்டால் பெருக்கினால் போதும் என்று நினைக்க வேண்டாம். நேர்கோட்டில் போனாலும் வந்தாலும் ஒரே தூரம். சாலையில் அப்படி இல்லை. நடுவில் மீடியன் உள்ள பெரிய சாலையில் உங்கள் கடை இடப்பக்கம் இருந்தால், ஒரு திசையில் நேராக வந்து நிறுத்திவிடலாம். மறு திசையிலிருந்து வரும்போது கடையைத் தாண்டிப் போய் அடுத்த யூ-டர்னில் திரும்பி வர வேண்டும். ஒருவழிப் பாதைகளும் இதே வேலையைச் செய்யும். குறுகிய தூர டெலிவரியில் இந்த வித்தியாசம் கண்ணில் படும் அளவுக்குப் பெரியது.

நேரத்தையும் இப்போதே H பத்தியில் எழுதிவிடுங்கள். நீங்கள் உண்மையில் ஓடும் மணியில் பார்த்து எழுத வேண்டும். மதியச் சாப்பாடு கொண்டுபோகிறவர் இரவு பதினோரு மணிக்கு உட்கார்ந்து எடுத்த நேரம் எதற்கும் உதவாது.

## 5. வகுத்துப் பாருங்கள்

சாலைத் தூரத்தை நேர்கோட்டுத் தூரத்தால் வகுங்கள். அதாவது `=F2/E2`. இந்த விகிதத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

விகிதம் 1-க்குக் கீழே வந்தால் ஏதோ ஒரு எண் தப்பு. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோட்டை விடக் குறைந்த சாலை இருக்கவே முடியாது. பெரும்பாலும் இரண்டு அளவுகளுக்கும் வேறு வேறு பின்களைப் பயன்படுத்தியிருப்பீர்கள். 2-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

1.1-ஐ ஒட்டி வந்தால், இரண்டு இடங்களையும் நல்ல நெடுஞ்சாலை இணைக்கிறது என்று பொருள். சென்னையிலிருந்து திருச்சி நேர்கோட்டில் சுமார் 307 கி.மீ., சாலையில் 330 கி.மீ. அளவு. நீண்ட தூரத்தில் சிறு சிறு வளைவுகள் கரைந்துபோவதால் விகிதம் இப்படிக் குறைவாகவே இருக்கும்.

ஊருக்குள் 1.2 முதல் 1.5 வரை சாதாரணம். 1.5-ஐத் தாண்டினால் நடுவில் ஏதோ தடை இருக்கிறது. மேப்பைத் திறந்து பாருங்கள். 2-ஐத் தாண்டினால் அந்த இடத்தை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாகக் கணக்குப் போடுங்கள். இந்த எல்லைகள் நான் வேலையில் கைக்கொள்பவை, சட்டம் ஒன்றுமில்லை. உங்கள் ஊரில் பத்து முகவரிகளுக்குப் போட்டுப் பார்த்தால் அங்கே எது சாதாரணம் என்பது தெரிந்துவிடும்.

இங்கே ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். பத்து முகவரிகளின் விகிதங்களைக் கூட்டிச் சராசரி எடுத்து, "எங்கள் ஊருக்கு 1.4" என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் அதனால் பெருக்காதீர்கள். எட்டு முகவரிகள் 1.25-ஆகவும் இரண்டு 2.4-ஆகவும் இருந்தால், சராசரி 1.48. அந்த எண் பத்தில் ஒருவருக்குக்கூடப் பொருந்தாது. எட்டுப் பேரிடம் அதிகம் வாங்குவீர்கள், இரண்டு பேருக்கு நஷ்டத்தில் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள்.

## 6. விகிதம் ஏன் கூடுகிறது: குறுக்கே இருப்பதைக் கண்டுபிடியுங்கள்

தடையின் வகை தெரிந்தால்தான் அது எந்தெந்த முகவரிகளைப் பாதிக்கும் என்று சொல்ல முடியும்.

தெருக்களின் அமைப்பு. தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சதுரம் சதுரமாக இருக்கும் பகுதியில், வாடிக்கையாளர் கிழக்கே 3 கி.மீ., வடக்கே 4 கி.மீ. தள்ளி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நேர்கோட்டில் 5, சாலையில் 7. விகிதம் 1.4. ஒவ்வொரு தெருவிலும் திரும்பித் திரும்பிப் படிக்கட்டு போலப் போனால் குறையும் என்று சிலர் நம்புகிறார்கள். குறையாது, எத்தனை திருப்பம் எடுத்தாலும் கிழக்கே 3, வடக்கே 4 போய்த்தான் ஆக வேண்டும். அதே தெருவிலேயே இருப்பவருக்கு விகிதம் 1. மூலைவிட்டமாக 45 பாகையில் இருப்பவருக்கு 1.41. எல்லாத் திசைகளையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி 1.27. ஊருக்குள் 1.2, 1.3 என்று அடிக்கடி வருவதில் வியப்பில்லை.

ஆறு, ரயில் பாதை, பெரிய வளாகம். இவற்றைக் கடக்கச் சில இடங்கள்தான் உண்டு. பாலம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்த்தான் திரும்ப வேண்டும். ஆற்றுக்கு அக்கரையில் நேர் எதிரே இருப்பவருக்குத்தான் விகிதம் மிக அதிகம். அக்கரையிலேயே தள்ளிப் போகப் போகக் குறையும். பக்கத்தில் இருப்பவருக்கே அதிகச் சுற்று என்பதால் இது புதியவர்களைக் குழப்புகிறது. காரணம் எளிது. பாலத்துக்குப் போய்வரும் சுற்று ஏறக்குறைய மாறாத ஒரு தூரம். அது ஒரு கிலோமீட்டரோடு சேரும்போது பெரிதாகவும், பத்து கிலோமீட்டரோடு சேரும்போது சிறிதாகவும் தெரிகிறது.

மலை. உயரம் கூடுவதால்தான் தூரம் கூடுகிறது என்று நினைப்பது பரவலான தவறு. பழனிக்கும் கொடைக்கானலுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,800 மீட்டர். அடிவாரத்திலிருந்து உச்சிக்குச் சாய்வாக ஒரு கம்பியை இழுத்துக் கட்டினாலும், 23.7 கிலோமீட்டரில் எழுபது மீட்டர் அளவுதான் கூடும். தூரத்தைக் கூட்டுவது சரிவு. பாரம் ஏற்றிய வண்டியும் ஏற வேண்டும் என்பதால் மலைச்சாலையை ஏறக்குறைய இருபதுக்கு ஒன்று என்ற சரிவில் வைக்கிறார்கள். ஒரு மீட்டர் உயர இருபது மீட்டர் சாலை. 1,800 மீட்டர் ஏற 36 கிலோமீட்டர் சாலை வேண்டும். நேர்கோட்டில் இருப்பதே 23.7 தான். மிச்சத்தை எங்கே வைப்பது? கொண்டை ஊசி வளைவுகளாக மடித்துத்தான் வைக்க முடியும். போதாததற்கு, சாலை பள்ளத்தாக்குகளின் விளிம்பைச் சுற்றியும் போகிறது. எல்லாம் சேர்ந்து பழனி–கொடைக்கானல் சாலை 65 கி.மீ. அளவுக்கு வருகிறது. விகிதம் 2.7.

## 7. டெலிவரி எல்லையை வகுத்தல்: பெசன்ட் நகரில் ஒரு சமையலறை

சென்னை பெசன்ட் நகர் கடற்கரைக்குப் பக்கத்தில் வீட்டுச் சமையல் செய்து பைக்கில் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒருவர், மூன்று கிலோமீட்டர் வட்டம் போடுகிறார் என்று எடுத்துக்கொள்வோம்.

முதலில் வட்டத்தைச் சாட்டிலைட் காட்சியில் பாருங்கள். கிழக்குப் பாதி கடல். அங்கே ஒரு வாடிக்கையாளரும் இல்லை. "மூன்று கிலோமீட்டருக்குள் இவ்வளவு பேர்" என்று ஊர் நடுவில் இருக்கும் கடையோடு ஒப்பிட்டுப் போட்ட கணக்கு இங்கேயே பாதியாகிறது.

தெற்கே திருவான்மியூர். நடுவில் தடை இல்லை; தெருக்களும் ஓரளவு ஒழுங்கானவை. விகிதம் சாதாரண அளவிலேயே நிற்கும். இந்தப் பக்கத்துக்கு மூன்று கிலோமீட்டர் என்று அறிவித்தால் வண்டி நான்கு கிலோமீட்டர் அளவுக்கு ஓடும். சிக்கலில்லை.

வடக்கே பட்டினப்பாக்கம், ஃபோர்ஷோர் எஸ்டேட். நேர்கோட்டில் இரண்டரை கிலோமீட்டர் அளவுதான். வட்டத்துக்குள் வசதியாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நடுவில் அடையாற்றின் முகத்துவாரம். அங்கே ஒரு பாலம் இருந்து 1977-இல் இடிந்தது. இன்றும் உடைந்த பாலம் என்றே அந்த இடத்தைச் சொல்கிறார்கள். மேப்பில் ஆற்றின் மேல் ஒரு கோடு தெரிவதைப் பார்த்துவிட்டு, வழி இருப்பதாக நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அங்கே வண்டி போகாது. மேற்கே திரும்பி, பிரம்மஞான சபையின் பெரிய தோப்பை ஓரமாகச் சுற்றி, திரு.வி.க. பாலத்தில் ஆற்றைக் கடந்து, மறுபடி கிழக்கே கடற்கரை நோக்கி வர வேண்டும். ஐந்தரை, ஆறு கிலோமீட்டர் ஆகிவிடும். விகிதம் 2-ஐத் தாண்டுகிறது.

மேற்கே சென்னை ஐஐடி வளாகமும் கிண்டி தேசியப் பூங்காவும் சேர்ந்து ஒரே பச்சைத் திட்டாகத் தெரியும். அதன் ஊடாக வெளியாட்கள் குறுக்கே போக முடியாது. ஆகவே வேளச்சேரிப் பக்கம் எல்லையை நீட்ட நினைத்தால், தரமணி வழியாகவா சர்தார் படேல் சாலை வழியாகவா என்று இரண்டையும் அளந்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது செலவு. பைக் லிட்டருக்கு 45 கி.மீ. ஓடும், பெட்ரோல் நூறு ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு இரண்டே கால் ரூபாய். ஃபோர்ஷோர் எஸ்டேட்டுக்கு வட்டக் கணக்கில் போய்வர 5 கி.மீ., அதாவது 11 ரூபாய். உண்மையில் 12 கி.மீ., 27 ரூபாய். பதினாறு ரூபாய் வித்தியாசம்தானே என்று தோன்றும். அதைவிடப் பெரிய இழப்பு நேரம். திரு.வி.க. பாலத்தில் நெரிசல் நேரத்தில் மாட்டிக்கொண்டால், அந்த ஓர் ஆர்டர் முடிவதற்குள் தெற்கே இரண்டு ஆர்டர் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். சாப்பாடும் ஆறாமல் இருந்திருக்கும்.

ஆகவே வட்டத்தை அழித்துவிட்டு இப்படிச் செய்யுங்கள். சாலையில் நான்கு கிலோமீட்டர் என்று ஓர் அளவை முடிவு செய்து, ஒவ்வொரு பெரிய சாலையிலும் அந்த அளவு எங்கே முடிகிறது என்று புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேருங்கள். கிடைப்பது கோணல்மாணலான ஓர் உருவம். தெற்கே நீண்டிருக்கும், வடக்கே ஆற்றங்கரையோடு நின்றுவிடும். அதுதான் உங்கள் உண்மையான எல்லை. வாடிக்கையாளருக்கும் கிலோமீட்டரில் சொல்லாதீர்கள். தெரு, பகுதியின் பெயர்களாகச் சொல்லுங்கள். கிலோமீட்டரில் சொன்னால் அவரும் மேப்பில் நேர்கோடு போட்டுப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வருவார்.

அக்கரையை அடியோடு விடவும் வேண்டாம். பாலத்தைக் கடக்கும் செலவு ஒரு தடவைக்குத்தான். எனவே அக்கரை ஆர்டர்களை ஒரு நேரத்துக்குச் சேர்த்துவையுங்கள். ஃபோர்ஷோர் எஸ்டேட், மந்தைவெளி, சாந்தோம் மூன்றும் ஒரே சுற்றில் முடிந்தால் ஒவ்வொன்றுக்கும் விழும் தூரம் நியாயமான அளவுக்கு வந்துவிடும். இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, கடையிலிருந்து நேர்கோட்டில் எது அருகிலோ அந்த வரிசையில் போவது. அப்படிப் போனால் அக்கரைக்கு ஒன்று, இக்கரைக்கு ஒன்று என்று பாலத்தை மாறி மாறிக் கடக்க நேரும். முதலில் ஆர்டர்களை இக்கரை, அக்கரை என்று பிரியுங்கள். பிறகு ஒவ்வொரு கரைக்குள்ளும் வரிசைப்படுத்துங்கள்.

## 8. பயணத் திட்டம்: கொடைக்கானலிலிருந்து மூணாறு

பயணத்துக்கும் படிகள் இவையே. முகவரிகளின் இடத்தில் ஊர்கள், அவ்வளவுதான். ஆனால் மலைநாட்டில் ஒரு தவறு நாளையே விழுங்கிவிடும் என்பதால் ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம்.

மூணாறு 10.0889, 77.0595. சூத்திரத்தில் போட்டால் கொடைக்கானலிலிருந்து நேர்கோட்டில் 50 கி.மீ. சமவெளியில் இது ஒரு மணி நேரப் பயணம். இதைப் பார்த்துத்தான் "காலையில் கொடைக்கானல், மதியம் மூணாறில் சாப்பாடு" என்று எழுதிவிடுகிறார்கள்.

சாலை அப்படிப் போகவில்லை. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கி, தேனி, போடிநாயக்கனூர் வரை சமவெளியில் ஓடி, போடிமெட்டில் மறுபடி மலையேறி, பூப்பாறை வழியாக மூணாறு சேர வேண்டும். 160 கிலோமீட்டருக்கு மேல். விகிதம் மூன்றைத் தாண்டுகிறது. இரண்டு ஊர்களும் ஒரே மலைத்தொடரின் மேல் இருந்தும் நடுவே பொதுமக்கள் வண்டி ஓட்டும் சாலை இல்லாததால், முழுதாக இறங்கி முழுதாக ஏற வேண்டியிருக்கிறது.

கிலோமீட்டரைத் தெரிந்துகொண்டதும் நின்றுவிடாதீர்கள். நேரத்தைத் துண்டு துண்டாகப் போடுங்கள். மலை இறங்கும் துண்டு, சமவெளித் துண்டு, மலை ஏறும் துண்டு. மலைத் துண்டுகளுக்கு மணிக்கு 25 முதல் 30 கி.மீ., சமவெளிக்கு 50 என்று எடுத்தால் ஏமாற்றம் இருக்காது. மொத்தத்தையும் ஒரே வேகத்தால் வகுப்பவர்கள்தான் இருட்டிய பிறகு கொண்டை ஊசி வளைவுகளில் மாட்டுகிறார்கள். மேப் காட்டும் நேரம் சிறிய கார் நிற்காமல் போனால் ஆகும் நேரம். வேனில் குழந்தைகளோடு போகிறவர்கள், வளைவுகளில் வாந்தி வந்து நிறுத்தும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கு முடிந்தபின் திட்டம் தானாக மாறும். கொடைக்கானலில் விடிந்ததும் கிளம்பினால் மூணாறில் அன்றைக்கு வேறெதுவும் வைக்க முடியாது. போய்ச் சேர்வதே அன்றைய வேலை. இல்லையென்றால் தேனியில் ஓர் இரவு தங்கலாம்.

சாலை எப்போது திறந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஊட்டியிலிருந்து மைசூருக்குப் பந்திப்பூர் காட்டு வழியே போகும் நெடுஞ்சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை உண்டு. மாலை நான்குக்குக் கிளம்பினால் ஒரு தூரம், எட்டரைக்குக் கிளம்பினால் வேறு தூரம். நேர்கோடு மட்டும் அப்படியே இருக்கும். காட்டுக்குள் போகும் எந்தச் சாலையானாலும் செக்போஸ்ட் நேரத்தைக் கேட்டுவிட்டு F பத்தியை நிரப்புங்கள்.

## 9. நேர்கோடு எங்கே உதவும்

நேர்கோட்டுத் தூரத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. நூறு முகவரிகளில் எவை நிச்சயமாக எல்லைக்கு வெளியே என்று தள்ளிவிட அது நல்ல சல்லடை. சாலையில் 4 கி.மீ. என்பது உங்கள் எல்லை என்றால், நேர்கோட்டிலேயே 4-ஐத் தாண்டியவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்கலாம். சாலையில் அவை அதற்குக் குறைய வாய்ப்பே இல்லை. மிஞ்சியவற்றுக்கு மட்டும் சாலைத் தூரம் எடுத்தால் வேலை பாதியாகக் குறையும். இதைத் திருப்பிச் செய்யாதீர்கள். நேர்கோட்டில் 4-க்குள் இருக்கிறது என்பதால் ஒரு முகவரி எல்லைக்குள் வந்துவிடாது.

கடைசியாக, ஷீட்டில் I பத்தியில் அளந்த தேதியைப் போடுங்கள். புதிய பாலம் திறந்தாலோ, மெட்ரோ வேலைக்காக ஒரு சாலை அடைபட்டாலோ, லெவல் கிராசிங் சுரங்கப்பாதையாக மாறினாலோ, E பத்தியைத் தொட வேண்டாம். F, G, H மூன்றை மட்டும், அந்தப் பாலத்தையோ சாலையையோ கடக்கும் முகவரிகளுக்கு மறுபடி எடுத்தால் போதும்.